எலக்ட்ரானோடு கூடவே போனால் காந்த விசை எங்கே போகிறது? (இரண்டு கம்பிகள் பற்றி ஒரு பிளஸ் டூ கேள்வி)

மேலூர் டீச்சர்

பிளஸ் டூவில் இணைக் கம்பிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே திசையில் மின்னோட்டம் போனால் கம்பிகள் ஈர்க்கும், எதிர்த் திசையில் போனால் விலக்கும், வலக்கை விதி, சூத்திரம் எல்லாம் முடிந்தது. அப்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், இரண்டாவது கம்பிக்குள் போகிற எலக்ட்ரானோடு அதே வேகத்தில் நானும் போனால், என்னைப் பொறுத்தவரை அது நிற்கிறது. நிற்கிற மின்னூட்டத்தின் மேல் காந்த விசை கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்போ அதை யார் இழுக்கிறார்கள்?"

கேள்வி சரியானது. F = qvB என்றால், v பூஜ்ஜியமானதும் விசையும் பூஜ்ஜியம். ஆனால் இரண்டு கம்பிகள் நெருங்குவதும் நெருங்காததும் பார்ப்பவரைப் பொறுத்து மாற முடியாது. பதில் சார்பியலில் இருக்கிறது, ஓடும் பொருளின் நீளம் ஓடும் திசையில் குறைந்து தெரியும் நீளக் குறுக்கம் அதில் வருகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில் நடக்கும் நீளக் குறுக்கம் ஒரு கம்பியை நகர்த்துகிறது என்று வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்களோடு யாராவது விளக்கினால் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

தெப்பக்குளம் பாலா

டீச்சர், இது ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம். காந்த விசை என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் மின்விசைதான்; ஓடிக்கொண்டு பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. மின்சாரம் கம்பியில் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் போகிறது அல்லவா, அதனால்தான் நீளக் குறுக்கம் பெரிதாக வருகிறது. ஓடுகிறவருக்கு முதல் கம்பியின் அயனிகள் நெருங்கித் தெரியும், அதனால் அந்தக் கம்பி நேர்மின் கம்பியாகி எலக்ட்ரானை இழுக்கும். அவ்வளவுதான்.

திருநகர் வாத்தியார்

பாலா தம்பி சொன்னதில் கடைசிப் பாதி சரியான பாதை. நடுவில் சொன்ன ஒளி வேகம் மட்டும் இங்கே சேராது. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறதே, அந்தச் செய்தி பரவும் வேகம்தான் ஒளி வேகத்துக்குப் பக்கத்தில் வரும். எலக்ட்ரான்கள் நகரும் இழுப்புத் திசைவேகம் டீச்சர் சொன்னதுபோல மிகச் சின்னது. நமக்கு வேண்டியது அந்தச் சின்ன வேகம்தான்.

ஒரு கணக்காகவே போடுவோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகள் இரண்டு, 1 சென்டிமீட்டர் இடைவெளி, இரண்டிலும் ஒரே திசையில் 10 ஆம்பியர். பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.002 நியூட்டன் வருகிறது. அதாவது 0.2 கிராம் எடை அளவு. இந்த எண்ணைக் காந்தம் என்ற சொல்லே இல்லாமல் எடுக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

ஒரு கன மீட்டர் செம்பில் சுமார் 8.5 × 10²⁸ கடத்தும் எலக்ட்ரான்கள் உண்டு. நம் கம்பியில் ஒரு மீட்டருக்கு அவற்றின் மொத்த மின்னூட்டம் சுமார் 13,600 கூலூம். அதே அளவு நேர் மின்னூட்டம் செம்பு அயனிகளிடம் இருப்பதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. 10 ஆம்பியர் என்றால் நொடிக்கு 10 கூலூம் கடக்க வேண்டும். மீட்டருக்கு 13,600 கூலூம் இருக்கும்போது, நொடிக்கு முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது நடந்துவிடும்.

இந்த வேகத்தை ஒளி வேகத்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 6 × 10⁻²⁴. டீச்சர் தயங்கியது இந்த எண்ணைப் பார்த்துத்தான். இப்போது எலக்ட்ரானோடு கூடவே போகிறவர் முதல் கம்பியைப் பார்க்கட்டும். அவருக்கு அந்தக் கம்பியில் மீட்டருக்கு 13,600-ஐ 6 × 10⁻²⁴-ஆல் பெருக்கிய அளவு நேர் மின்னூட்டம் மிச்சமாகத் தெரிகிறது. அது 8.2 × 10⁻²⁰ கூலூம். ஒரே ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் பாதி. இரண்டு மீட்டர் கம்பிக்கு ஒரு எலக்ட்ரான் குறைந்தால் எப்படியோ, அவ்வளவுதான்.

அந்தப் பாதி எலக்ட்ரான் 1 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் மின்புலம் மீட்டருக்கு 1.5 × 10⁻⁷ வோல்ட். இதுவும் ஒன்றுமில்லாததுதான். ஆனால் இந்தப் புலம் இழுப்பது இரண்டாவது கம்பியின் ஒரு மீட்டரில் இருக்கும் எலக்ட்ரான்கள் அத்தனையையும், அதாவது 13,600 கூலூமை. இரண்டையும் பெருக்குங்கள்: 0.002 நியூட்டன். சூத்திரம் தந்த அதே எண்.

13,600 கூலூம் எவ்வளவு பெரியது என்று உறைக்க வேண்டுமானால் வகுப்பில் இதைச் சொல்லுங்கள். ஒரு கூலூம் மின்னூட்டங்கள் இரண்டை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் நடுவே 900 கோடி நியூட்டன் விசை இருக்கும். மின்விசை அவ்வளவு முரட்டு விசை. அயனியும் எலக்ட்ரானும் ஒன்றை ஒன்று சரியாகக் கழித்துவிடுவதால்தான் நமக்கு அது தெரியாமல் இருக்கிறது. அந்தக் கழித்தலில் 10²⁴-இல் சில பங்கு பிசகினாலும் கம்பி நகரும்.

சிம்மக்கல் வைண்டிங்

சார், நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். நீங்கள் எழுதியதில் பாதி புரிந்தது. என் கடைக்கு வரும் பம்ப்செட் மோட்டார்களில் வார்னிஷ் சரியாக உள்ளே இறங்காமல் விட்டிருந்தால், ஸ்லாட்டுக்குள் கம்பி ஆடி ஆடி, ஒன்றோடு ஒன்று உரசி, எனாமல் தேய்ந்து ஷார்ட் ஆகிவிடுகிறது. எரிந்த காயிலைப் பிரித்தால் இரண்டு கம்பி தொட்ட இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும். மின்சாரம் போகும்போது கம்பி சுருங்குகிறது என்கிறீர்களே, அதனால்தான் இப்படி லூஸ் ஆகிறதா? அப்புறம் நம்முடையது ஏசி. திசை மாறிக்கொண்டே இருந்தால் ஒரு தடவை ஈர்த்து ஒரு தடவை விலக்காதா?

திருநகர் வாத்தியார்

அண்ணே, உங்கள் கடையில் எந்தக் கம்பியும் நீளம் குறைவதில்லை. ஓடுகிறவரின் அளவில்தான் அயனிகள் நெருங்குகின்றன. கடையில் நிற்கும் உங்களுக்குக் கம்பி அதே கம்பிதான். நீங்கள் பார்க்கிற ஆட்டம் கம்பிகளுக்கு இடையே உள்ள விசையால் வருவது. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளில் இரண்டு மின்னோட்டமும் ஒன்றாகவே திசை மாறுகின்றன. அதனால் ஈர்ப்பு ஈர்ப்பாகவே இருக்கும். பூஜ்ஜியத்துக்கும் உச்சத்துக்கும் நடுவே நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஸ்டார்ட்டிங்கில் கரண்ட் ஆறு மடங்கு இழுத்தால் விசை 36 மடங்கு. ஸ்லாட்டைச் சுற்றி இரும்பு இருப்பதால் முழுக் கணக்கு இவ்வளவு எளிதல்ல. ஆனால் வார்னிஷ் இறங்காத கம்பி ஏன் தேய்கிறது என்பதற்குக் காரணம் இந்த விசைதான்.

தெப்பக்குளம் பாலா

வாத்தியார் சார், நீங்கள் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். அயனிகளின் நீளக் குறுக்கத்தை நானே போட்டுப் பார்த்தேன். அடர்த்தி கூடுவது v²/c²-இல் பாதிதான், முழுசு இல்லை. விசை 0.001 நியூட்டன்தான் வருகிறது. மீதிப் பாதி எங்கே? அதுதான் உண்மையான காந்த விசையோ?

திருநகர் வாத்தியார்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. இந்தக் கணக்கைப் போடுகிற பலரும் சரியாகப் பாதியில்தான் நிற்பார்கள். விடை பாதியாக வந்தால், முதல் கம்பியின் எலக்ட்ரான்களைக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

ஓடுகிறவருக்கு அயனிகள் பின்னோக்கி ஓடுகின்றன; அவை நெருங்கி, அடர்த்தி v²/c²-இல் பாதி கூடுகிறது. இது நீங்கள் போட்டது. முதல் கம்பியின் எலக்ட்ரான்களும் அவரோடு அதே வேகத்தில் வருவதால், அவருக்கு அவை நிற்கின்றன. நமக்கு ஓடிக்கொண்டிருந்தவை அவருக்கு நிற்பதால், அவற்றின் இடைவெளி நாம் அளந்ததைவிட விரிந்து தெரியும். எலக்ட்ரான் அடர்த்தி இன்னொரு பாதி குறைகிறது. நேர் பக்கம் ஒரு பாதி கூடி, எதிர்ப் பக்கம் ஒரு பாதி குறைந்தால், வித்தியாசம் முழு v²/c².

எதிர்த் திசை மின்னோட்டத்துக்கும் இதையே செய்து பாருங்கள். அப்போது முதல் கம்பியின் எலக்ட்ரான்கள் அவருக்கு எதிரே இரண்டு மடங்கு வேகத்தில் வருகின்றன. அயனி அடர்த்தி v²/c²-இல் பாதிதான் கூடும், எலக்ட்ரான் அடர்த்தியோ அதே v²/c²-இல் ஒன்றரை மடங்கு கூடும். மிச்சம் எதிர் மின்னூட்டம், அதனால் விலக்கல். குறியும் அளவும் தானாகவே சரியாக வந்து உட்காரும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது.

மேலூர் டீச்சர்

சார், இதைச் சொன்னால் என் மாணவி அடுத்து என்ன கேட்பாள் என்று தெரியும். ஓடுகிற எலக்ட்ரான்களின் இடைவெளி சுருங்குமென்றால், சுவிட்சைப் போட்டதுமே, நிற்கிற நமக்கே கம்பி எதிர்மின் கம்பியாகத் தெரிய வேண்டுமே? நமக்கு மட்டும் ஏன் நடுநிலையாக இருக்கிறது?

திருநகர் வாத்தியார்

எலக்ட்ரான் வரிசையை ஒரு கெட்டியான கோலாக நினைத்தால்தான் அந்தச் சிக்கல் வரும். அவை ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டவை அல்ல. சுற்று மூடியிருக்கிறது, ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் நுழைகிறதோ, மறுமுனையில் அத்தனை வெளியேறுகிறது. சுவிட்சுக்கு முன் ஒரு மீட்டரில் எத்தனை இருந்தனவோ, ஓடும்போதும் நம் அளவில் அத்தனைதான். கூடினால் அந்த எதிர் மின்னூட்டமே அவற்றைப் பிரித்துத் தள்ளிச் சரிசெய்துவிடும். ஆக நம் அளவில் இடைவெளி மாறவில்லை. சுருங்கிய பிறகும் அதே அளவுதான் என்றால், எலக்ட்ரான்களின் சொந்தக் குறிப்பாயத்தில், அதாவது அவற்றோடு கூடவே போகிறவர் அளவில், அவற்றின் இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள். முந்தைய பதிவில் "விரிந்து தெரியும்" என்றேனே, அது இதுதான்.

அந்த மாணவி இன்னொன்றும் கேட்பாள்: ஓடுகிறவருக்குக் கம்பியில் நேர் மின்னூட்டம் புதிதாக எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. கம்பி ஒரு முழுச் சுற்று. மின்னோட்டம் போகிற பக்கம் உண்டு, திரும்புகிற பக்கமும் உண்டு. அவர் கணக்கில் ஒரு பக்கம் நேர் மிச்சம், மறுபக்கம் அதே அளவு எதிர் மிச்சம். மொத்தம் அப்போதும் பூஜ்ஜியம்.

உசிலம்பட்டி கார்த்தி

நான் ட்ரிபிள் ஈ படிக்கிறேன். ஒரு சந்தேகம். நிஜக் கம்பி நம் குறிப்பாயத்திலேயே சுத்தமான நடுநிலை இல்லையே. பேட்டரியில் இணைத்திருப்பதால் மேற்பரப்பில் கொஞ்சம் மின்னூட்டம் இருக்கும். இணைக் கம்பிகளுக்கு மீட்டருக்கு 10 பிக்கோஃபாரட் என்று வைத்து, 12 வோல்ட்டுக்குப் போட்டால் 1.2 × 10⁻¹⁰ கூலூம். நீங்கள் சொல்லும் சார்பியல் மிச்சத்தைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் பெரியது. அப்படியானால் நாம் பார்க்கிற விசையே இந்த மேற்பரப்பு மின்னூட்டத்தால்தான் என்று ஏன் சொல்லக் கூடாது?

திருநகர் வாத்தியார்

கார்த்தி, இழையிலேயே கனமான கேள்வி இது. எண் சரி. இப்போது அந்த மேற்பரப்பு மின்னூட்டம் அடுத்த கம்பியை எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். அதன் புலம் அடுத்த கம்பியின் எலக்ட்ரான்களை ஒரு பக்கமும் அயனிகளை எதிர்ப் பக்கமும் இழுக்கிறது. 13,600 கூலூமும் 13,600 கூலூமும் கழிந்துபோகும். மிஞ்சுவது அந்தக் கம்பியின் சொந்த 10⁻¹⁰ கூலூம் மேல் உள்ள விசைதான். போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 10⁻⁸ நியூட்டன் வரிசையில் வரும். நாம் பேசும் 0.002-ஐவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது.

சார்பியல் மிச்சத்துக்கு அந்தக் கழித்தல் நடப்பதில்லை. ஏன் என்று பார்த்தால் பாலா தம்பியின் "காந்தம் மாயை" என்ற வாதமும் அங்கே சிக்குகிறது. எலக்ட்ரானோடு போகிறவருக்கு இரண்டாவது கம்பியின் அயனிகள் பின்னோக்கி ஓடுகின்றன. முதல் கம்பியின் நேர் மிச்சம் அந்த அயனிகளை விலக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் கம்பியின் அயனிகளும் ஓடுவதால் அவர் குறிப்பாயத்திலும் மின்னோட்டம் இருக்கிறது, காந்தப்புலம் இருக்கிறது. ஓடும் அயனிகள் மேல் அந்தக் காந்தப்புலம் தரும் ஈர்ப்பும் மின்விலக்கமும் சரியாகச் சமமாகிவிடுகின்றன. அயனிகள் மேல் மொத்த விசை பூஜ்ஜியம். எலக்ட்ரான்கள் மேல் மட்டும் முழு இழுப்பு. அந்த எலக்ட்ரான்கள் செம்பை விட்டு வெளியே போக முடியாது. கம்பியின் ஒரு ஓரமாக இம்மி ஒதுங்கி, அயனிகளைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. முழுக் கம்பியும் நகர்வது அப்படித்தான்.

ஆக, அவரும் காந்தப்புலத்தை ஒழித்துவிடவில்லை. நிற்கிற மின்னூட்டத்தின் மேல் உள்ள விசையை மட்டும்தான் மின்விசையாக எழுதிவிட்டார்.

தெப்பக்குளம் பாலா

ஒரு குறிப்பாயத்தில் முடியவில்லை என்றால் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்து ஒழிக்க முடியாதா?

திருநகர் வாத்தியார்

இந்தக் கம்பிகளுக்கு முடியாது. மின்புலம் E, காந்தப்புலம் B, ஒளி வேகம் c என்றால், E² − c²B² என்ற கழித்தலின் மதிப்பு எந்தக் குறிப்பாயத்தில் இருந்து பார்த்தாலும் ஒன்றே. நம் குறிப்பாயத்தில் கம்பிக்கு வெளியே E ஏறத்தாழ பூஜ்ஜியம், B இருக்கிறது, மதிப்பு எதிர்க்குறி. எங்கே போனாலும் எதிர்க்குறிதான், எனவே B எங்கேயும் பூஜ்ஜியமாகாது.

தெப்பக்குளம் பாலா

அது சரி. ஆனாலும் கூலூம் விசையையும் சார்பியலையும் வைத்துத் தொடங்கினால் காந்தம் தானாக வந்து விழுகிறது. காந்தத்தை வைத்துத் தொடங்கினால் அப்படி வராது. அடிப்படை எது என்று கேட்டால் நான் மின்விசை என்றுதான் சொல்வேன்.

திருநகர் வாத்தியார்

மின்னூட்டத்தின் அளவு வேகத்தால் மாறாது என்பதையும் நீங்கள் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்கள். அது கூலூம் விதிக்குள் எழுதியிருக்கவில்லை. ஒரே புலத்தின் இரண்டு பாகங்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

சிம்மக்கல் வைண்டிங்

டீச்சர், பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட ஒரு வழி சொல்கிறேன். சமையலறை அலுமினிய ஃபாயிலில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டை வெட்டி, கொஞ்சம் தொய்வாகப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள். 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். பட்டை சுட்டுப்போகும், கையும் சுடும். 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு இரண்டைப் பேரலலாகப் போட்டு, அவற்றை சீரிஸில் சேருங்கள். சுமார் ஒன்பது ஆம்பியர்தான் போகும். இரண்டு பட்டையையும் சீரிஸில் கோர்த்தால் இரண்டிலும் அதே கரண்ட். இரண்டாவது பட்டையின் முனைகளை மாற்றிக் கொடுத்தால் ஈர்ப்பு விலக்கலாக மாறும்.

திருநகர் வாத்தியார்

அருமை அண்ணே. அந்த ஃபாயில் மீட்டருக்கு அரை கிராம்கூட இருக்காது, 0.2 கிராம் எடை அளவுக்கு விசை கிடைத்தால் அசைவு நன்றாகவே தெரியும். கார்த்தியின் கேள்விக்கும் அங்கேயே விடை காட்டலாம். ஒரு பட்டையின் நடுவே வெட்டிவிடுங்கள். வோல்ட் இருக்கும், மேற்பரப்பு மின்னூட்டம் இருக்கும், மின்னோட்டம் இருக்காது. பட்டைகள் அசையாமல் தொங்கும்.

மேலூர் டீச்சர்

செய்துவிட்டேன். பட்டைகளின் நடுப்பகுதிதான் முதலில் நெருங்கியது. முனைகள் கட்டியிருந்ததால் அசையவில்லை. பல்பைக் கழற்றியதும் தொய்ந்து பழைய இடத்துக்குப் போயின. பாதி எலக்ட்ரான் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது அந்த மாணவி, "பாதி எலக்ட்ரான் எப்படி டீச்சர் இருக்கும்?" என்றாள். அது சராசரி அடர்த்தி, ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு ஐந்நூறு எலக்ட்ரான் என்று எடுத்துக்கொள் என்றேன். ஏற்றுக்கொண்டாள்.

உசிலம்பட்டி கார்த்தி

சார், எலக்ட்ரான்கள் இம்மி ஒதுங்குகின்றன என்றீர்களே. தனியாக ஒரே ஒரு கம்பி இருந்தாலும், தன் காந்தப்புலத்தாலேயே அதன் எலக்ட்ரான்கள் மையத்தை நோக்கிக் கொஞ்சம் ஒடுங்க வேண்டும் அல்லவா? அப்படியானால் கம்பியின் உட்புறம் நம் குறிப்பாயத்தில் சரியான நடுநிலை என்று சொல்ல முடியுமா?

திருநகர் வாத்தியார்

ஒடுங்கும். உள்ளே எலக்ட்ரான் அடர்த்தி v²/c² அளவுக்குக் கூடி, அதை ஈடுசெய்யும் நேர் மின்னூட்டம் மேற்பரப்பில் இருக்கும். உட்புறத்தை மட்டும் பார்த்தால், அது நடுநிலையாக இருப்பது எலக்ட்ரான்களின் குறிப்பாயத்தில்தான் என்று வருகிறது. ஆனால் இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள விசைக்கு ஒரு மீட்டரின் மொத்த மின்னூட்டம்தான் கணக்கு; அதை இது மாற்றாது. கம்பிகளை மிகவும் நெருக்கி வைத்தால் என்ன ஆகும் என்று நான் இன்னும் முழுதாகப் போட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் போட்டால் இங்கேயே எழுதுங்கள்.

சிம்மக்கல் வைண்டிங்

இப்போது கடைக்கு பிஎல்டிசி ஃபேன் நிறைய வருகிறது. அதன் ரோட்டரில் கம்பியே இல்லை, காந்தத் துண்டுதான். கரண்ட் போகாத அந்தத் துண்டில் எந்த எலக்ட்ரான் ஓடுகிறது, எது சுருங்குகிறது?

திருநகர் வாத்தியார்

அங்கே இந்தக் கணக்கு எட்டாது அண்ணே. அந்தக் காந்தம் பெரும்பாலும் எலக்ட்ரான்களின் சுழற்சியில் இருந்து வருகிறது. சுழற்சி என்று பெயர் இருந்தாலும், கம்பியில் ஓடுவதுபோல எதுவும் அதற்குள் ஓடவில்லை. எலக்ட்ரானுக்குப் பிறவியிலேயே உள்ள காந்தத் தன்மை அது. கூடவே ஓடி அதை நிறுத்திப் பார்க்க வழியில்லை.

தெப்பக்குளம் பாலா

அதற்கும் சார்பியல் வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். தனி இழை தொடங்குகிறேன், வாத்தியார் சார் அங்கே வாருங்கள்.